புதிய டில்டிங் கிரைண்டர் அறிமுக மாலை: நேர ஒழுங்கும் விருந்தினர் கவனிப்பும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை மாலை 5.30 முதல் 8.30 வரை, ஆர்.எஸ்.புரம் ஷோரூமின் மாடி அரங்கில் நமது 2 லிட்டர் டில்டிங் கிரைண்டரை அறிமுகப்படுத்துகிறோம். 60 குடும்பங்களை அழைத்திருக்கிறோம். 130 பேர் வரை வரலாம். எல்லோரும் நம் பழைய மாடலைப் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டுபவர்கள். கல்லோடு டிரம்மைத் தூக்க முடியவில்லை என்று அவர்கள் வீட்டு அம்மாக்கள் சர்வீஸ் பையன்களிடம் சொல்லிச் சொல்லித்தான் இந்த மாடலே வந்தது. அதனால் வருகிற ஒவ்வொரு குடும்பமும் டிரம்மைத் தன் கையால் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நிகழ்ச்சியில் வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது.

விருந்துக்கு வைக்கும் இட்லி மாவு புதிய மெஷினில்தான் ஆட்டப்பட வேண்டும். 8 கிலோ இட்லி அரிசியை அதிகாலை 4 மணிக்கும், 2 கிலோ உளுந்தை 7 மணிக்கும் ஊறப்போடுங்கள். 8 மணிக்கு ஆறு மெஷினிலும் உளுந்து, அடுத்து இரண்டு ஈடாக அரிசி. 9.30-க்குள் உப்புப் போட்டுக் கரைத்துவிட்டால் சாயங்காலம் சரியாகப் பொங்கியிருக்கும். முந்தின இரவே ஆட்டிவிடலாமா என்று சமையல்காரர் கேட்டார். வேண்டாம், மாலைக்குள் புளிப்பேறிவிடும். வந்து உட்காருகிறவர்கள் மாவைப் பார்த்தே பதம் சொல்பவர்கள். அன்று மூடாக்காக இருந்தால் பாத்திரங்களை அடுப்பு மேடைக்கு அருகே மாற்றிவிடுங்கள். மாலையில் விருந்தினர் முன் மேசைகளில் ஆட்டும் மாவு வடைக்கு. அது புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கான உளுந்தை மாலை 5 மணிக்கு ஊறப்போட்டால் போதும்.

5.30 முதல் 6.05 வரை வரவேற்பு. லிப்ட் பக்கத்தில் இருவர் நிற்க வேண்டும். வயதானவர்களைப் படியேற விடாதீர்கள். பெயரை லிஸ்டில் தேடிக்கொண்டு அவர்களை நிறுத்தி வைக்காமல், "வாங்கம்மா, வாங்கய்யா, உள்ள உக்காருங்க" என்று அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டு அப்புறம் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். சுக்குக் காப்பியும் பில்டர் காப்பியும் இருக்கும், சர்க்கரை தனியாக.

6.05-க்கு முதலாளி பேசுவார், ஏழு நிமிடம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருப்பதையும், ஊத்துக்குளிக் கல்லைப் பற்றியும் அவர் சொல்லிவிடுவார், வேறு யாரும் திரும்பச் சொல்ல வேண்டாம். பொன்னாடை, நன்றியுரை எதுவும் கிடையாது. 6.15-க்குத் திரை விலகும்.

6.20 முதல் 7.10 வரைதான் அன்றைய நிகழ்ச்சி. ஆறு மேசை, மேசைக்குப் பத்துக் குடும்பம், ஒரு மெஷின், ஒரு பணியாளர், சுற்றிலும் நாற்காலிகள். உளுந்தைப் போட்டதும் பாட்டை நிறுத்திவிடுங்கள். மெஷின் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று அவர்கள் கேட்க வேண்டும். தண்ணீர் தெளிக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். எப்போது, எவ்வளவு என்று நாம் சொல்லித்தர அவசியமில்லை. சுமார் 25 நிமிடத்தில் பந்து மாதிரி எழும்பும். ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகுதான் டிரம்மைச் சாய்க்க வேண்டும். மாவோடு முதலில் சாய்ப்பவர் அந்த மேசையிலேயே மூத்த அம்மாவாக இருக்கட்டும். வழித்த மாவு நேராக வடைச் சட்டிக்குப் போகும். பிறகு டிரம்மில் தண்ணீர் ஊற்றி மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாய்த்துப் பார்க்கலாம், கழுவுவது எப்படி என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பூட்டு விழும் 'டக்' சத்தம் கேட்கும்வரை நம் ஆள் கையை எடுக்கக் கூடாது. கைப்பிடி இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் விளக்கம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள், பேக்டரிக்கு அது வேண்டும்.

மேசையில் யாரும் ஆர்டர் கேட்கக் கூடாது. விலை 9,800 ரூபாய், பழைய மெஷினைக் கொடுத்தால் 1,500 குறையும். இது பலகையில் இருக்கும். வேண்டும் என்பவர்களைக் கீழே கவுன்டருக்கு அழைத்துப் போங்கள். அங்கேயே இரண்டு மெக்கானிக்குகள் உட்கார்ந்திருப்பார்கள். பெல்ட் வழுக்குகிறது, கல் கொத்த வேண்டும் என்று பழைய மெஷின் குறைகளும் கண்டிப்பாக வரும். முகவரி வாங்கி, வருகிற நாளை அங்கேயே சொல்லி அனுப்புங்கள்.

7.15-க்குச் சாப்பாடு: இட்லி, வடை, சாம்பார், இரண்டு சட்னி, பால் பாயசம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்குத் தட்டு இடத்துக்கே வர வேண்டும். 8 மணியிலிருந்து தாம்பூலப் பையோடு அரைக் கிலோ உளுந்துப் பாக்கெட். சாய்த்துப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள் இருந்தால் வாசலில் வைத்த ஏழாவது மெஷினில் காட்டி அனுப்புங்கள்.

எலக்ட்ரீஷியன் கவனத்துக்கு: தண்ணீர் புழங்கும் மேசைகள், அதனால் ஆறுக்கும் எர்த் கசிவு பிரேக்கர் உள்ள தனி லைன் வேண்டும், ஒயர் தரையில் ஓடக் கூடாது. ஜெனரேட்டரை 5 மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.