பிளந்த மேசைக்கு எங்கள் பதில்: காணொளி உரை

(பட்டறையில், வேலைமேடைக்கு முன் நின்று பேச வேண்டும். பின்னணி இசை வேண்டாம். கடையின் பெயர்ப்பலகை படத்தில் விழக்கூடாது. இது விளம்பரம் அல்ல.)

வணக்கம். நாங்கள் செய்து கொடுத்த படிப்பு மேசையின் மேற்பலகை பிளந்துவிட்டதாக வாடிக்கையாளர் ஒருவர் காணொளி வெளியிட்டிருக்கிறார். அவர் காட்டியது உண்மை. அது நாங்கள் செய்த மேசைதான்.

அம்மா, பிளவைப் படம் எடுத்து அனுப்பி, என்ன செய்யலாம் என்றுதான் முதலில் கேட்டீர்கள். "வெயில் படும் இடத்தில் வைத்திருப்பீர்கள்" என்று இங்கிருந்து பதில் வந்தது. மேசையைப் பார்க்காமலே பழியை உங்கள் மேல் போட்டோம். பிறகு நீங்கள் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலே தரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அதை எழுதியது யார் என்பது இங்கே பேச்சில்லை. கடை என்னுடையது.

(இங்கே கொஞ்சம் நிறுத்தலாம். கைகூப்ப வேண்டாம், நாடகமாகத் தெரியும். மேசையைக் கவிழ்த்து, கேமராவை அடிச்சட்டத்துக்கு அருகில் கொண்டுபோகவும்.)

உங்கள் அனுமதியோடு மேசையை எடுத்து வந்து பிரித்துப் பார்த்தோம். இந்தத் திருகாணியைப் பாருங்கள். மரப்பலகை ஈரக்காற்றில் அகலவாக்கில் விரியும், காற்று வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் அந்த அசைவு மிகக் குறைவு. அதனால்தான் சட்டத்தில் போடும் துளையைப் பலகையின் அகலப் பக்கமாகச் சற்று நீட்டி வெட்ட வேண்டும். பலகை நகர்ந்தால் திருகாணியும் கூடவே நகரும். இங்கே துளை வட்டமாக இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் திருகாணி பலகையை அசையவிடாமல் பிடித்திருக்கிறது. சுருங்க வழியில்லாத பலகை, இதோ, ரேகையை ஒட்டியே பிளந்திருக்கிறது. நீங்கள் மேசையை எங்கே வைத்தீர்கள் என்று நாங்கள் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

புது மேற்பலகை போட்டுத் தரலாம், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தரலாம். எது வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஏற்றி இறக்கும் செலவு எங்களுடையது. உங்கள் காணொளியை நீக்கச் சொல்லிக் கேட்கமாட்டோம்.

எங்களுக்குப் பரிந்து அவரிடம் சண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் உடைந்தால் கேட்கத்தான் செய்வார்கள்.

இதே அளவில் செய்த மேசைகள் இன்னும் 11 வீடுகளில் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு இன்றே தொலைபேசியில் பேசத் தொடங்கியிருக்கிறோம். எங்கள் அழைப்பு வருவதற்குள் நீங்களே பார்க்க விரும்பினால், மேசைக்கு அடியில் திருகாணி ஏறியிருக்கும் துளையைப் படம் எடுத்து அனுப்புங்கள். வட்டமாக இருந்தால் நாங்களே வந்து, துளையை நீட்டி வெட்டி, பலகையை மறுபடி பொருத்தித் தருகிறோம். கட்டணம் இல்லை. அரை மணி நேர வேலைதான்.

(நன்றி சொல்லி உடனே நிறுத்திவிடவும். 'பகிருங்கள், பின்தொடருங்கள்' எதுவும் வேண்டாம்.)