நம்ம மில்லுக்கு வெப்சைட் வந்துவிட்டது

வணக்கம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும்.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் நம்ம மசாலா மில்லுக்கு வெப்சைட் திறந்திருக்கிறோம். முகவரி இதுதான்:

selvimasalamill.com.my

தீபாவளி நெருங்கினால் என் வாட்ஸ்அப் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "வழக்கமா வாங்குறதுதான் செல்வி, அதையே போட்டுடு" என்று வாய்ஸ் மெசேஜ் வரும். எந்த வழக்கம், எத்தனை கிலோ என்று மறுபடியும் நான் கேட்கணும். இனிமேல் அந்தத் தொல்லை இல்லை. மீன் கறித்தூளா, இறைச்சிக் கறித்தூளா, சாம்பார் பொடியா, காரம் கூடவா குறைவா என்று நீங்களே தட்டி அனுப்பலாம். கால் கிலோ பொட்டலமும் உண்டு. கடை விலைதான் அங்கேயும், தபால் செலவு மட்டும் தனி. சபா, சரவாக்கிற்கு அது கொஞ்சம் கூடும். சிங்கப்பூருக்கு இப்போதைக்கு அனுப்பவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் பார்சல் கிளம்பும். முன்கூட்டியே அரைத்து அடுக்கி வைப்பதில்லை, அதனால் ஆர்டர் போட்ட அன்றே கேட்காதீர்கள்.

சொந்த மிளகாய், மல்லி கொண்டு வந்து அரைப்பவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. எப்போதும் போல வாங்க. மிளகாயை நன்றாகக் காயவைத்து எடுத்து வாங்க, கையில் எடுத்தால் சடக்கென்று உடையணும். ஈரமாக இருந்தால் மில்லில் அடைத்துக்கொள்ளும், பின்னால் நிற்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இந்தக் காலத்தில் லிங்க் என்றாலே ஸ்கேம் என்று பயப்படுகிறோம், அதில் தப்பே இல்லை. நம்ம வெப்சைட் எந்த ஆப்பையும் இறக்கச் சொல்லாது, டேக் நம்பர் கேட்காது. எஃப்பிஎக்ஸ் தேர்ந்தெடுத்தால் உங்கள் பேங்கின் பக்கத்துக்கே போய்விடும், பாஸ்வேர்டை அங்கேதான் போடணும். என் பெயரைச் சொல்லி யாராவது ஏபிகே ஃபைல் அனுப்பினால் அது நான் இல்லை, உடனே அழித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் உங்களிடம் இருக்கும் பழைய நம்பருக்கு எனக்கே போன் போடுங்கள்.

இப்போது உதவி கேட்கிறேன். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் கேஎல், கிள்ளான், ஜோகூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பலர் இன்னும் அம்மா வீட்டுக்கு வரும்போதுதான் பொடி வாங்கிப் போகிறார்கள். உங்கள் தோட்டத்து குரூப், கோயில் குரூப், பள்ளித் தோழர்கள் குரூப் எதுவானாலும் இந்த மெசேஜை ஃபார்வர்ட் பண்ணிவிடுங்கள். வெறும் லிங்க்கை மட்டும் அனுப்பாமல், "இது நம்ம செல்வி மில்தான், நான் வாங்குற இடம்" என்று உங்கள் வாயால் ஒரு வரி சேர்த்தால் ஆட்கள் நம்பித் திறப்பார்கள்.

போனில் படம் வரவில்லை, எழுத்து சின்னதாக இருக்கிறது என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், பையனிடம் சொல்லிச் சரி பண்ணுகிறேன். திங்கட்கிழமை மில் லீவு, ஆனால் வெப்சைட்டில் ஆர்டர் போடலாம்.

செல்வி
சுங்கை சிப்புட்