நரம்பியல் மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம்

சாத்தூர்
12.11.2025

பெறுநர்:
நரம்பியல் மருத்துவர் அவர்கள், நரம்பியல் வெளிநோயாளர் பிரிவு, மதுரை

பொருள்: திரு. ச. மாரிச்சாமி, வயது 64, ஆண், பத்திர எழுத்தர் – வலது கை நடுக்கம், நடை மெதுவாதல்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். இவரை 11 வருடமாக எனக்குத் தெரியும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் என்னிடம்தான் பார்த்துவருகிறார். வலது கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியும் பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றே நினைக்கிறேன். ஆனால் நடுவில் ஏழு மாதம் அவர் சாப்பிட்ட வாயு மாத்திரையும் தலைசுற்றல் மாத்திரையும் படத்தைக் குழப்பிவிட்டன. மருந்தால் வந்ததா, நோயே வந்து மருந்து அதை வெளியே காட்டிவிட்டதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அவசரமில்லை. இரண்டு, மூன்று வாரத்திற்குள் பார்த்தால் நல்லது.

கடிதம் தமிழில் இருப்பதற்குக் காரணம் அவர்தான். படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்தையும் வாங்கியதில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே இதில் உள்ளது எல்லாம் அவர் படித்தது. ஓரிடத்தில் தேதியையும் திருத்தினார்.

சென்ற ஆண்டு செப்டம்பரில், பேப்பர் படிக்கும்போது வலது கட்டைவிரல் தானாக ஆடுவதை முதலில் கவனித்தவர் அவர் மனைவி. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு மணிக்கட்டு வரை வந்தது. கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் ஆட்டம்; தம்ளரை எடுக்கப் போனால் நின்றுவிடும். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து நடையும் குறைந்தது. மனைவி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இருக்கன்குடி கோயில்ல நான் ரெண்டு சுத்து முடிச்சிருவேன், அவுக ஒண்ணுலயே நிப்பாக. கோவமா இருக்காகளோன்னு மொகத்தப் பாத்தா, கோவமும் இல்ல." சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. சோறு பிசைய வலது கை சோர்ந்துவிடுகிறது. குரல் தாழ்ந்துவிட்டது, போனில் பேசினால் மறுமுனையில் இரண்டு முறை கேட்கிறார்கள். ஜூலையில் குளியலறை வாசலில் திரும்பும்போது ஒரு முறை விழுந்தார். தலையில் அடிபட்டதால் அப்போதே சி.டி. எடுத்தோம்: ரத்தக்கசிவு இல்லை, வென்ட்ரிக்கிள்கள் பெரிதாக இல்லை. அதன் பிறகு விழவில்லை.

நானாகக் கேட்டபோது வந்த மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. ஏழெட்டு வருடமாகத் தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார். ஒரு முறை மனைவியின் தோளில் அடி விழுந்து, அன்றிலிருந்து அவர் பாயைத் தள்ளிப் போட்டுப் படுக்கிறார். "கனவுல யாரோ வெரட்டுனாக" என்பதுதான் காலையில் இவர் சொல்லும் பதில். பெருங்காய வாசனையும் காப்பித்தூள் வாசனையும் தெரிவதில்லை. எப்போதிலிருந்து என்று அவருக்கே நினைவில்லை. மலச்சிக்கல் ஐந்து வருடமாக இருக்கிறது, அதற்கு நானே மருந்து கொடுத்துவந்திருக்கிறேன். தனித்தனியாக வந்ததால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இனி மாத்திரைக் கதை. வயிற்று உப்புசத்திற்காகப் பிப்ரவரி 2025 முதல் பான்டோபிரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த மாத்திரையைத் தினமும் சாப்பிட்டிருக்கிறார். முதலில் வேறு இடத்தில் எழுதிக் கொடுத்தது, பிறகு மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கியது. மே மாதச் சீட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. "பழைய மாத்திரை தொடரவும்" என்று எழுதியிருக்கிறேன், அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. மார்ச் முதல் தலைசுற்றலுக்குச் சின்னரிசினும் விட்டுவிட்டு எடுத்திருக்கிறார். ஆகஸ்டில் இடது கையும் இறுகி, கீழ்த்தாடையும் நடுங்கத் தொடங்கிய பிறகுதான் பையோடு எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொன்னேன். செப்டம்பர் 2 அன்று இரண்டையும் நிறுத்தினேன்.

நிறுத்திப் பத்து வாரமாகிறது. தாடை நடுக்கம் போய்விட்டது. இடது கை இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிட்டது. வலது பக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. மருந்தின் விளைவு முழுவதும் இறங்க ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பது தெரியும். ஆனாலும் காத்திருக்காமல் இப்போதே அனுப்பக் காரணம் அவருடைய வரவு செலவு நோட்டுதான்.

மாரிச்சாமி 30 வருடமாகத் தன் கையாலேயே கணக்கு எழுதுகிறார். பத்திர வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டாலும் இது மட்டும் கையெழுத்தில்தான். 2021, டிசம்பர் 2024, ஆகஸ்ட் 2025 ஆகிய மூன்று பக்கங்களின் நகலை இணைத்திருக்கிறேன். 2021இல் அச்சுக் கோத்தது போன்ற எழுத்து. டிசம்பர் 2024 பக்கத்திலேயே ஒவ்வொரு வரியும் பெரிதாகத் தொடங்கிக் கடைசியில் எறும்பு ஊர்ந்தது போலச் சிறுத்துவிடுகிறது. லெவோசல்பிரைடு தொடங்கியது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான். மாத்திரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

நவம்பர் 10 அன்று காலை நான் பார்த்தவை: முகபாவம் குறைவு, கண் சிமிட்டுவது குறைவு. வலது கையில் ஓய்வுநிலை நடுக்கம், மாத்திரை உருட்டுவது போல, நொடிக்கு நாலைந்து தடவை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் கூடுகிறது, நடக்கும்போதும் தெரிகிறது. கையை நீட்டினால் நின்று, சில நொடிகள் கழித்து மறுபடி வருகிறது. வலது மணிக்கட்டில் பற்சக்கர இறுக்கம். இடது கையை மூடித் திறக்கச் சொன்னால் அது இன்னும் தெளிவு. வலது விரல்களைத் தட்டச் சொன்னால் பத்துத் தட்டுக்குள் அகலம் சுருங்கிவிடுகிறது. இடது பக்கம் லேசான மந்தம் மட்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்தார், இரண்டாவது முயற்சியில். 6 மீட்டர் நடக்க 9 நொடி, 15 காலடி. வலது கை வீசுவதே இல்லை. திரும்ப ஐந்து அடி வைக்கிறார். பின்னாலிருந்து தோளை இழுத்தபோது இரண்டு அடி பின்வைத்துத் தானே நின்றுகொண்டார்.

மேலும் கீழும் பார்ப்பது உட்படக் கண் அசைவுகள் சரியாக உள்ளன. சிறுமூளைக் குறைபாட்டின் அறிகுறி இல்லை, பாதத்தைக் கீறினால் விரல் கீழ்நோக்கித்தான் போகிறது. சிறுநீர் கட்டுப்பாடு போகவில்லை. இல்லாத உருவம் தெரிவதில்லை. கடிகாரம் சரியாக வரைந்தார். நினைவு பற்றி அவருக்கோ மனைவிக்கோ புகார் இல்லை. ரத்த அழுத்தம் படுத்த நிலையில் 138/82, நின்று மூன்று நிமிடம் கழித்து 126/78. சர்க்கரையால் இரு கால் பெருவிரலிலும் அதிர்வு உணர்வு குறைந்திருக்கிறது, வலது முழங்காலில் தேய்மானமும் உண்டு. நடை மெதுவானதில் இவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் கை வீசாததற்கு முழங்காலைக் குறை சொல்ல முடியாது.

ரத்தப் பரிசோதனை: ஹெச்.பி.ஏ1சி 7.4, கிரியாட்டினின் 1.0, சோடியம் 138, டி.எஸ்.ஹெச். 2.8, பி12 310. எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை.

தற்போதைய மருந்துகள் மெட்ஃபார்மின் 500 மி.கி. இரு வேளை, ஆம்லோடிபைன் 5 மி.கி. காலையில், இரவில் மலமிளக்கி. இதற்கு முன் வேறோர் இடத்தில் பிராப்ரனலால் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பயனில்லை. அவருடைய அக்காவுக்குக் காப்பித் தம்ளரைப் பிடித்தால் இரண்டு கையும் நடுங்கும். குடும்பத்தில் எல்லோரும் "அதேதான் இவருக்கும்" என்கிறார்கள். அக்காவையும் நான் பார்த்திருக்கிறேன், அது வேறு வகை. புகை, மது இரண்டும் இல்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்று வாரமாகப் பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுகிறார், காலையும் இரவும் ஒரு ஸ்பூன் பாலில். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. அந்த விதையில் லெவோடோபாவே இருப்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. பொடி குடித்து ஒரு மணி நேரத்தில் பொத்தான் போடுவது எளிதாகிறது என்கிறார். எவ்வளவு லெவோடோபா உள்ளே போகிறது என்று தெரியாத பொடியை மருந்துச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அவர் சொன்னதைப் பதிவு செய்கிறேன். நான் பரிசோதித்தது முந்தைய இரவும் அன்று காலையும் பொடி எடுக்காத நிலையில். உங்களிடம் வரும்போதும் முதல் நாள் இரவிலிருந்து நிறுத்தி, பொட்டலத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் மருந்து தொடங்குவதாக இருந்தால் பொடியை விடச் சொல்லி நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னதற்குச் "சரி" என்றார். அவருடைய "சரி" எனக்குத் தெரியும்.

மருந்தில்லாத நிலையில் நீங்கள் பார்க்க வேண்டும் என்பதால் லெவோடோபாவை நான் தொடங்கவில்லை. நோய் எது என்பது உங்கள் பரிசோதனையிலேயே தெளிவானால் ட்ரோடாட் ஸ்கேன் தேவைப்படாது என்று நினைக்கிறேன்; சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும் எழுதுங்கள், செலவை யோசிக்கும் குடும்பம். எழுதுவது அவர் பிழைப்பு, பயமும் அதைப் பற்றித்தான். எனவே இப்போதே மருந்து தொடங்கலாமா, மாத்திரையின் மிச்ச விளைவு இறங்கும்வரை பொறுக்கலாமா என்பது உங்கள் முடிவு. தொடங்கினால் அளவைக் கூட்டும் முறையை எழுதி அனுப்புங்கள், இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

மகன் என்னைத் தனியாகச் சந்தித்து, அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். ஆனால் மாரிச்சாமி நேரடியாகவே கேட்டுவிட்டார். "பார்க்கின்சனாக இருக்கலாம், உறுதி செய்யத்தான் அனுப்புகிறேன்" என்று மனைவியை வைத்துக்கொண்டே சொன்னேன். பக்கவாதம் இல்லை என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. மகனுக்கும் சொல்லிவிட்டேன். நீங்கள் தயங்காமல் பேசலாம்.

மொபெட் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பஜார் வரை ஓட்டுகிறார் என்று கேள்வி. உங்கள் வாயால் சொன்னால் கேட்பார்.

லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளுனரிசின் ஆகியவற்றைக் கொடுக்கக் கூடாது என்று அவர் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இதோடு சேர்க்க வேண்டியது இருந்தால் அதே அட்டையில் எழுதிவிடுங்கள்.

மனைவி உடன் வருவார். தூக்கத்தைப் பற்றி அவரிடமே கேளுங்கள், இவர் மறைப்பார்.

நன்றியுடன்,

டாக்டர் கி. சாந்தி
குடும்ப மருத்துவர், சாத்தூர்

இணைப்பு: நோட்டுப் பக்க நகல்கள் 3, சுருள் வரைந்த தாள் (இரு கையும்), ரத்தப் பரிசோதனை அறிக்கை, சி.டி. படமும் அறிக்கையும், பழைய மருந்துச் சீட்டுகள் 4