ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 (2025) விமர்சனம்: மெட்டாடேட்டா பதிவு

கடைசியாகச் சரிபார்த்தது: 2025 அக்டோபர் 6. அடுத்த சரிபார்ப்பு: 2026 ஜனவரி 5. அதற்குள் விலை அறிவிப்போ வரி மாற்றமோ வந்தால் அன்றே.

தேடல் தலைப்பு

ஹண்டர் 350 (2025) விமர்சனம்: விலை ரூ.1.38 லட்சம் முதல்

நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தலைப்பில் சேர்க்கவில்லை. தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் ஆங்கிலத் தலைப்பைவிடச் சீக்கிரமே வெட்டுப்படும். கைப்பேசித் திரையில் முதலில் தெரிய வேண்டியவை மாடல் பெயர், ஆண்டு, விலை மூன்றும்தான். தலைப்பில் லட்சக் கணக்கில் சுருக்கிய விலை போதும். கடைசி ரூபாய் வரை உள்ள எண் விளக்கத்தில் வரட்டும். ஐநூறு ரூபாய் ஏறினால் தலைப்பைத் தொட வேண்டியிருக்காது, விளக்கத்தை மட்டும் திருத்தலாம்.

தேடல் விளக்கம்

ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350: சென்னை எக்ஸ்-ஷோரூம் ரூ.1,37,640 முதல் ரூ.1,66,883 வரை (அக்டோபர் 2025). 349 சிசி எஞ்சின், புதிய பின்பக்க சஸ்பென்ஷன், மூன்று வகைகளில் எதை வாங்கலாம்?

இந்த விளக்கத்தில் நகரம், விலையின் வகை, மாதம் மூன்றும் விலையோடு ஒட்டியே இருக்க வேண்டும். “விலை ரூ.1,37,640” என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அதை ஷோரூமில் கட்டி முடிக்கும் தொகை என்றே எடுத்துக்கொள்வார். கையில் ஒன்றரை லட்சத்தோடு போய் நிற்பவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

பக்க முகவரி

```
/royal-enfield-hunter-350-review
```

முகவரியில் ஆண்டும் விலையும் கிடையாது. இரண்டும் மாறும், முகவரி மாறக் கூடாது.

மாடல் ஆண்டு: 2025

இங்கே 2025 என்றால் 2025 ஏப்ரல் 26 அன்று அறிமுகமான பதிப்பு. தயாரிப்பு ஆண்டு, பதிவு ஆண்டு இரண்டும் வேறு. 2022 ஆகஸ்டில் முதலில் வந்த ஹண்டரிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவை: ஸ்லிப்-அசிஸ்ட் கிளட்ச், 150 மி.மீ.யிலிருந்து 160 மி.மீ. ஆக உயர்ந்த கிரவுண்ட் கிளியரன்ஸ், பின்பக்கத்தில் ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங், மேல் வகைகளில் எல்இடி முகப்பு விளக்கும் டைப்-சி சார்ஜிங்கும். எஞ்சின் அதே 349 சிசி, அதே 20.2 பிஎச்பி, அதே 27 நியூட்டன் மீட்டர். பழைய பதிப்பைப் பற்றிய கருத்துகளில் எஞ்சின் சம்பந்தப்பட்டவை இன்றும் செல்லும். பள்ளத்தில் பின்பக்கம் அடிப்பதைப் பற்றியவை செல்லாது.

ஜனவரி பிறந்ததும் தலைப்பில் 2025-ஐ 2026 ஆக்கும் வழக்கம் இந்தப் பக்கத்துக்கு இல்லை. வண்டியில் ஏதாவது மாறியிருந்தால் மட்டுமே மாடல் ஆண்டு மாறும். மாறாமல் விற்பனையில் தொடர்ந்தால், விளக்கத்தின் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மாதம் மட்டும் “ஜனவரி 2026” ஆகும். வண்ணம் மட்டும் புதிதாக வந்தால் அதுவும் மாடல் ஆண்டு மாற்றம் ஆகாது, படங்களின் விளக்கத்தில் சேர்த்தால் போதும்.

வாசகருக்கான குறிப்பாகப் பக்கத்தில் தெரிய வேண்டிய வரி: “டெலிவரி எடுக்கும் முன் விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். டிசம்பரில் தயாரான வண்டியை ஜனவரியில் பதிவு செய்தாலும் ஆர்சி-யில் தயாரிப்பு ஆண்டு பழையதாகவே இருக்கும். விற்கும்போது மதிப்பு அந்த ஆண்டை வைத்தே பேசப்படும்.” ஆண்டுக் கடைசியில் தள்ளுபடி கேட்க வேண்டியதற்கும் இதுதான் காரணம். இந்த வரியை எந்தத் திருத்தத்திலும் எடுக்க வேண்டாம்.

விலைச் சொற்கள்

எக்ஸ்-ஷோரூம் விலை: ஜிஎஸ்டி சேர்ந்தது, சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் சேராதது. 2025 அக்டோபரில் சென்னை விலைகள் இவை: அடிப்படை வகை ரூ.1,37,640, நடு வகை ரூ.1,62,292, மேல் வகை ரூ.1,66,883. மூன்றும் 2025 செப்டம்பர் 22-இல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிந்தியவை. அதற்கு முன்பு முறையே ரூ.1,49,900, ரூ.1,76,750, ரூ.1,81,750.

இந்த எண்களை யாரும் கால்குலேட்டரில் போட்டு எடுக்கக் கூடாது. 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ரூ.1,49,900-ஐ 1.28-ஆல் வகுத்து 1.18-ஆல் பெருக்கினால் ரூ.1,38,189 வருகிறது. அறிவித்த விலையோ ரூ.1,37,640. வித்தியாசம் 549 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் பட்டியலோடு பொருந்தாத ஒரே ஒரு எண் கண்ணில் பட்டாலும் மற்ற எண்களையும் வாசகர் நம்ப மாட்டார். விலைப் பட்டியலில் அச்சான எண் மட்டுமே இங்கே ஏறும்.

ஆன்-ரோடு விலை: தலைப்பிலும் தேடல் விளக்கத்திலும் இது வரவே கூடாது, பக்கத்துக்குள் மட்டுமே. தமிழ்நாட்டில் புதிய இருசக்கர வாகனத்தின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஆயுள் வரி 12 சதவீதம், அதற்குள் என்றால் 10. அடிப்படை வகைக்குக் கணக்கு:

எக்ஸ்-ஷோரூம் 1,37,640, 12 சதவீத வரி 16,517, ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 7,365, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 8,691, பதிவுக் கட்டணம் 300. கூட்டினால் 1,63,148.

அதனால் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: “தமிழ்நாட்டில் அடிப்படை வகையின் ஆன்-ரோடு விலை ரூ.1.63 லட்சத்துக்குக் குறையாது. சொந்தச் சேதக் காப்பீடு, தனிநபர் விபத்துக் காப்பீடு, கடன் என்றால் ஹைப்போதிகேஷன் கட்டணம் இதன் மேல் வரும்.” சொந்தச் சேதக் காப்பீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் ஒற்றை எண்ணாக ஆன்-ரோடு விலை தருவதே தவறு. ‘ஹேண்ட்லிங்’ என்ற பெயரில் ஷோரூம் கேட்கும் தொகையை இந்தக் கணக்கில் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். அதை எழுதி வைத்தால் கட்டாயக் கட்டணம் போலத் தெரிந்துவிடும்.

காப்பீட்டில் ஒரு குழப்பம் இப்போது பரவலாக இருக்கிறது. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு கிடைத்தது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு. வாகனக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. யாராவது 8,691-ஐ 7,365 ஆகத் ‘திருத்தினால்’ திருப்பி வையுங்கள்.

மாதத் தவணை: எங்கும் எண் கிடையாது. முன்பணம், வட்டி, காலம் மூன்றும் ஆளுக்கு ஆள் வேறு.

தேடுபொறிக்கான தரவு

```json
{
  "@context": "https://schema.org",
  "@type": "Motorcycle",
  "name": "Royal Enfield Hunter 350",
  "vehicleModelDate": "2025",
  "offers": {
    "@type": "AggregateOffer",
    "priceCurrency": "INR",
    "lowPrice": "137640",
    "highPrice": "166883",
    "priceValidUntil": "2026-01-05"
  }
}
```

எண்களுக்குள் காற்புள்ளியோ ரூபாய் குறியோ வரக் கூடாது. `priceValidUntil` எப்போதும் அடுத்த சரிபார்ப்பு நாளாகவே இருக்கட்டும், ஒரு வருடம் தள்ளிப் போட்டு மறந்துவிட வேண்டாம். இங்குள்ள இரண்டு விலைகளும் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அட்டவணையில் அப்படியே இருக்க வேண்டும். அடிக்கடி தவறுவது இங்கேதான்: அட்டவணையைத் திருத்துவார்கள், தரவுத் துண்டு பழைய 149900-ஐயே சொல்லிக்கொண்டிருக்கும், தேடல் முடிவிலும் அதுவே தெரியும்.

சமூக ஊடகப் பகிர்வு வரி

ஹண்டர் 350 இப்போது பள்ளங்களை நன்றாகத் தாங்குகிறது. மேல் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் ரூ.29 ஆயிரம் தகுமா?

இந்த 29 ஆயிரம் என்பது மேல் வகைக்கும் அடிப்படை வகைக்கும் உள்ள வித்தியாசம் (29,243). இரண்டு விலைகளில் ஒன்று மாறினாலும் இந்த வரியையும் பார்க்க வேண்டும். பகிர்வுப் படத்தின் மேல் விலை எழுதக் கூடாது. ஒருவர் பகிர்ந்த படம் அவர் பக்கத்தில் பழைய விலையோடு வருடக் கணக்கில் கிடக்கும், நம்மால் திருத்த முடியாது.

பட விளக்கங்கள்

முதல் படம்: ஹண்டர் 350 மேல் வகை, வலப்பக்கத் தோற்றம், அலாய் சக்கரங்களுடன்.
இரண்டாவது: அடிப்படை வகையின் பின்சக்கரம், டிரம் பிரேக்குடன்.

இரண்டாவது படம் அவசியம். 1.38 லட்சம் என்ற விலையைப் பார்த்து வருபவருக்கு, அந்த விலையில் பின்பக்கம் டிரம் பிரேக்கும் சிங்கிள்-சேனல் ஏபிஎஸ்ஸும்தான் என்பது உடனே தெரிய வேண்டும்.

கேள்வி பதில் துண்டு

“ஹண்டர் 350-க்கு ஜிஎஸ்டி எவ்வளவு?” 18 சதவீதம். 349 சிசி என்பதால் 350 சிசி வரம்புக்குள் வருகிறது. அந்த வரம்பைத் தாண்டிய பைக்குகளுக்கு 40 சதவீதம்.

“இரண்டு பதிப்புகளில் பழையதை வாங்கலாமா?” பயன்படுத்திய வண்டியாக, விலை நன்றாகக் குறைந்தால் வாங்கலாம். புதிய வண்டியாக ஷோரூமில் தேங்கியிருந்தால், ஜிஎஸ்டி குறைப்புக்கு மேல் தனியாகத் தள்ளுபடி தந்தால் மட்டும்.

எப்போது திருத்துவது

விலை அறிவிப்பு வந்த அன்று. ஜனவரியிலும் ஏப்ரலிலும் நிறுவனங்கள் வழக்கமாக விலையேற்றும் நாட்களில். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டண அறிவிப்பு வந்தால். மாநில வரி மாறினால். வரி அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையிலான நாட்களில் கவனம் தேவை. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3, அமலானது 22. அந்த இடைவெளியில் வாங்கியவர்கள் பழைய வரியைத்தான் கட்டினார்கள். அதனால் அந்த நாட்களில் பழைய விலையை அப்படியே விட்டு, கீழே “22 முதல் குறையும்” என்று சேர்த்தது சரியான முறை. இனியும் அப்படியே செய்யவும்.

பக்கத்தின் திருத்தத் தேதியான `dateModified` மாறுவது வாசகர் கண்ணில் படும் எண்ணோ கருத்தோ மாறினால் மட்டும். எழுத்துப் பிழை திருத்தியதற்கெல்லாம் அந்தத் தேதியை மாற்றினால், விலையும் புதிதாகச் சரிபார்த்தது என்று வாசகர் நம்பிவிடுவார்.

திருத்தப் பதிவு

2025 ஏப்ரல் 28: வெளியீடு, விலை ரூ.1,49,900 முதல்.
2025 செப்டம்பர் 4: வரிக் குறைப்புக் குறிப்பு சேர்ப்பு, விலை மாற்றமில்லை.
2025 செப்டம்பர் 22: மூன்று வகைகளின் விலை, தலைப்பு, விளக்கம், தரவுத் துண்டு, பகிர்வு வரி மாற்றம்.
2025 அக்டோபர் 6: விலைப் பட்டியலோடு ஒப்பிட்டாயிற்று, மாற்றமில்லை. காப்பீட்டு ஜிஎஸ்டி பற்றிய குறிப்பு சேர்ப்பு.