கடந்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் குறிப்புகள் வேண்டி

மதிப்பிற்குரிய செல்வி அக்கா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை இணை இயக்குநர் அலுவலகத்தில் நடந்த முதல்போக ஆய்வுக் கூட்டத்திற்கு என்னால் வர இயலவில்லை. அம்மாவுக்கு அன்று காலை கண்புரை அறுவை சிகிச்சை நடந்ததால், முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மா இப்போது நலமாக வீட்டில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் எழுதிய குறிப்புகளை எனக்குத் தந்து உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு முறைப்படி சுற்றுக்கு வரும் என்பது தெரியும். ஆனால் அது கைக்கு வரும்போது நாற்றங்கால் வேலை பாதி முடிந்திருக்கும். மேலும், அதில் முடிவுகள் மட்டுமே இருக்கும். எந்தக் கேள்விக்கு எந்த அலுவலர் என்ன விளக்கம் சொன்னார் என்பது இருக்காது. நீங்கள் பக்கத்தின் ஓரத்தில் கோடு போட்டு, பேசியவரின் பெயரை ஒருபுறமும் அவர் சொன்னதை மறுபுறமும் எழுதுவதைப் பல கூட்டங்களில் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் வேறு யாரையும் கேட்காமல் உங்களைக் கேட்கிறேன்.

எனக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவது, நீர்வளத் துறைப் பொறியாளர் தண்ணீர் திறப்பு பற்றிப் பேசிய பகுதி. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்திற்கு வழக்கமாக 120 நாட்கள் தண்ணீர் தருகிறார்கள். முதல் 45 நாட்கள் முழுமையாகவும், பிந்தைய 75 நாட்கள் முறைவைத்தும். உங்கள் வாடிப்பட்டிப் பக்கம் தலைமடை என்பதால் ஷட்டர் திறந்த சில நாட்களிலேயே வயல் நனைந்துவிடும். கள்ளந்திரி கடைமடையில், மேலே எல்லோரும் தொழி அடித்து முடித்த பிறகுதான் மடையில் தண்ணீர் நிலைத்து நிற்கும். ஓர் ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்று விவசாயிகள் பாவிவிட்டு, தண்ணீர் தாமதமானால் நாற்று முற்றிப்போகிறது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறைந்துவிடும். மாறாக, தண்ணீர் வந்து நின்ற பிறகே பாவினால், நடவு முழுத் தண்ணீர் நாட்களின் கடைசிக்குப் போய், கதிர் வரும் நேரத்தில் முறைத் தண்ணீரை நம்பியிருக்க நேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தேதியை நான் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். முறை எந்தத் தேதியில் தொடங்குகிறது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பது தெரியாமல் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைமடை பற்றிய பேச்சு உங்கள் வட்டாரத்திற்குத் தேவைப்படாததால் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். அப்படியானால் உங்கள் நினைவில் இருப்பதை இரண்டு வரி சொன்னாலும் போதும்.

அடுத்தது விதை. கோ 51 ரகம் ஏறத்தாழ 105 முதல் 110 நாட்களில் அறுவடைக்கு வருவதால் எங்கள் பகுதிக்கு அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். மதுரை கிழக்கு விரிவாக்க மையத்திற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எப்போது இருப்புக்கு வரும் என்பவை உங்கள் குறிப்பில் இருந்தால் தெரிவியுங்கள். பயிர்க் காப்பீடு பற்றி ஏதேனும் புதிய அறிவுறுத்தல் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளை எனக்காகப் படியெடுத்து எழுத வேண்டாம். பக்கங்களை அப்படியே கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அதற்கும் நேரம் இல்லை என்றால், நாளை மாலை நானே வாடிப்பட்டிக்கு வந்து குறிப்பேட்டை வாங்கி, பக்கத்துக் கடையில் நகல் எடுத்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை கள்ளந்திரியில் விவசாயிகளைச் சந்திக்கிறேன். வியாழன் இரவுக்குள் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

ஆடி மாதத்தில் அழகர்கோயிலில் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து வைத்திருப்பதாகவும், அந்த வாரம் கூட்டம் வந்தால் என்ன செய்வது என்றும் சென்ற மாதம் கவலைப்பட்டீர்கள். அந்தக் கவலையை என்னிடம் விட்டுவிடுங்கள். கூட்டம் எந்த நாளில் வைத்தாலும் நான் இருப்பேன். வாடிப்பட்டி பற்றி எழும் ஒவ்வொரு பேச்சையும் உங்கள் முறையிலேயே பெயரோடு எழுதி, அன்றிரவே அனுப்பிவிடுகிறேன். உங்கள் வட்டாரத்தின் நடவுப் பரப்பு விவரத்தை முன்னதாகக் கொடுத்தால், கேட்கும்போது உங்கள் சார்பில் அதையும் வாசித்துவிடுவேன்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
தங்கள் அன்புத் தம்பி,
பாண்டியராஜன்
வேளாண்மை அலுவலர், மதுரை கிழக்கு