மடிக்கணினி, சார்ஜர், கைபேசி வழங்கல் பதிவேடு: 2025–26

தணிக்கையாளர் அலுவலகம், தில்லைநகர், திருச்சி
பொறுப்பு: அலுவலக மேலாளர். நேரில் சரிபார்த்த நாள்: 30.09.2025

| எண் | பொருள் | அடையாளம் (கடைசி 4) | யாரிடம் | வழங்கிய நாள் | நிலை |
|---|---|---|---|---|---|
| ம-1 | மடிக்கணினி, 14 அங்குலம், 16 ஜிபி | 7K2Q | மூத்த உதவியாளர் | 07.04.2025 | நன்று |
| சா-1 | சார்ஜர், 65 வாட், டைப்-சி | ஒட்டுச்சீட்டு | மூத்த உதவியாளர் | 07.04.2025 | நன்று |
| ம-2 | மடிக்கணினி, 15.6 அங்குலம், 8 ஜிபி | M81D | கணக்கர் | 12.06.2023 | இடப்பக்கக் கீல் தளர்வு |
| சா-2 | சார்ஜர், 65 வாட், உருண்டை முனை | ஒட்டுச்சீட்டு | கணக்கர் | 12.06.2023 | ஒயர் முனையில் டேப் |
| ம-3 | மடிக்கணினி, 14 அங்குலம், 8 ஜிபி | 4RX9 | பயிற்சி மாணவர் | 01.08.2025 | நன்று |
| சா-3 | சார்ஜர், 45 வாட், டைப்-சி | ஒட்டுச்சீட்டு | பயிற்சி மாணவர் | 01.08.2025 | நன்று |
| ம-4 | மடிக்கணினி, பழையது | P03T | அலமாரி | திரும்பியது 28.07.2025 | பேட்டரி உப்பல் |
| கை-1 | கைபேசி, அலுவலக எண் | 5518 | வரவேற்பாளர் | 15.05.2024 | நன்று |
| கை-2 | கைபேசி | 9042, 9059 | களப்பணி உதவியாளர் | 15.05.2024 | தொலைந்தது |

குறிப்புகள்

சா-1, சா-3: சரிபார்ப்பின்போது இரண்டும் இடம் மாறியிருந்தன. இரண்டுமே டைப்-சி என்பதால் எது எதில் வேண்டுமானாலும் நுழையும். ஆனால் 45 வாட் சார்ஜரில் ம-1 மெதுவாகத்தான் ஏறும். ‘மடிக்கணினி பழுது’ என்று ஒரு மாதமாக வந்த புகாருக்கு இதுவே காரணம். இப்போது அடாப்டரிலும் ஒயரிலும் தனித்தனியாக எண் ஒட்டப்பட்டுள்ளது. வெளியூர் தணிக்கைக்குச் செல்பவர் சார்ஜரின் எண்ணையும் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். சார்ஜர்தானே என்று இதில் யாருக்கும் விலக்கில்லை.

கை-2: 19.08.2025 அன்று மத்தியப் பேருந்து நிலையத்தில் தொலைந்தது. அன்றே சிம் முடக்கப்பட்டது. காவல் நிலையப் புகார் நகலுடன் sancharsaathi.gov.in தளத்தில் இரண்டு ஐஎம்இஐ எண்களும் முடக்கப்பட்டன. வாங்கிய பில்லில் எண்கள் இருந்ததால்தான் இது அரை மணி நேரத்தில் முடிந்தது. இனி எந்தக் கைபேசியையும் வழங்கும் முன் *#06# அழுத்தித் தெரியும் எண்களைப் பில்லுடன் ஒப்பிட வேண்டும். ஊழியர் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. இது முதலாளியின் முடிவு.

ம-4: சார்ஜ் போடக் கூடாது. தரவு அழிக்கப்பட்டுவிட்டது. பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ரசீது பெற்றே ஒப்படைக்க வேண்டும். தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரியிடம் போடக் கூடாது.

ம-2: கீல் பழுதுபார்க்க 1,800 ரூபாய் மதிப்பீடு வந்துள்ளது. இரண்டாவது மதிப்பீடு வந்தபின் முடிவு. அதுவரை திரையை இரு கைகளாலும் திறக்கவும்.

ஆண்டு இறுதிக் கணக்கு: வருமான வரித் தேய்மானத்தில் மடிக்கணினிகள் 40 சதவீதத் தொகுப்பு, கைபேசிகள் 15 சதவீதத் தொகுப்பு. சென்ற ஆண்டுப் பட்டியலில் கை-1 கணினிகளோடு சேர்ந்திருந்தது, திருத்தப்பட்டது.

நிலுவை: சா-2-க்கு மாற்றுச் சார்ஜர் கேட்டு 03.10.2025 அன்று கோரிக்கை அனுப்பப்பட்டது. பழையது திரும்பிய பின்னரே புதியது வழங்கப்படும்.