60 × 90 செ.மீ கேன்வாஸ் பிரிண்ட் – உங்கள் படம், பைன் மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியது, மாட்டுவதற்குத் தயார்

உங்கள் படத்தைக் கேன்வாஸ் துணியில் அச்சிட்டு, மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி, பின்பக்கம் வளையம் பொருத்தி அனுப்புகிறோம். முன்னால் கண்ணாடி கிடையாது. அதனால் எதிரே ஜன்னலோ டியூப் லைட்டோ இருந்தாலும் கண்ணாடியில் போலப் படத்தில் பளபளப்பு விழாது. துணி, மரம், மை எல்லாம் எங்கள் பொறுப்பு. நீங்கள் அனுப்பும் ஃபைல் சரியில்லை என்றால் இவை எதுவும் படத்தைக் காப்பாற்றாது. ஆகவே ஆர்டர் செய்யும் முன் ஃபைல் பற்றிய பகுதியை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

அளவு

முகப்பு 60 × 90 செ.மீ (சுமார் 24 × 36 அங்குலம்). நெட்டுவாக்கிலும் கிடைவாக்கிலும் செய்து தருகிறோம். சுவரிலிருந்து முன்தள்ளும் கனம் 38 மி.மீ, எடை சுமார் 2.2 கிலோ. இதே வகையில் 40 × 60, 30 × 45 செ.மீ அளவுகளும் உண்டு. மூன்றும் 2:3 விகிதம் என்பதால், பக்கங்களில் படம் மடியாதபோது, ஒரே படத்தை வெவ்வேறு அளவில் எடுத்தாலும் ஒரே மாதிரிதான் வெட்டுப்படும்.

வெளிச்சட்டம் கூடுதல் தேர்வு. கேன்வாஸைச் சுற்றி 5 மி.மீ இடைவெளி விட்டு, 8 மி.மீ முகப்புள்ள மெல்லிய மரச் சட்டம் வரும். கறுப்பு, வெள்ளை, இயற்கை மர நிறம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அதைச் சேர்த்தால் மொத்த அளவு 62.6 × 92.6 செ.மீ ஆகும். சுவரில் இடம் அளக்கும்போது இந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி, மை, மரம்

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த கேன்வாஸ், சதுர மீட்டருக்கு 380 கிராம். முழுப் பருத்தி ஈரக்காற்றில் அதிகம் தளரும், முழுப் பாலியெஸ்டர் பிளாஸ்டிக் பேனர் போலத் தெரியும். கலப்புத் துணியில் நெசவும் கண்ணுக்குத் தெரிகிறது, இழுவையும் நிற்கிறது.

நிறமி மையில் அச்சிடுகிறோம். சாய மையைவிட இது வெளிச்சத்தில் மெதுவாகவே மங்கும். அச்சு காய்ந்ததும் அரைப் பளபளப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு. பார்வைக்காக மட்டும் இதைப் பூசுவதில்லை. துணியை மரத்தின் மேல் மடிக்கும்போது மைப்படலம் வெடித்து, விளிம்பு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். வார்னிஷ் அந்தப் படலத்தைப் பிடித்து வைக்கிறது.

சட்டம், சூளையில் உலர்த்திய பைன் மரம். ஈர மரத்தில் செய்த சட்டம் சில மாதங்களில் முறுக்கிக்கொண்டு ஒரு மூலை சுவரைவிட்டு எழும்பும். சட்டத்தின் வெளி ஓரம் மட்டும் சற்று உயர்ந்தும் உட்பக்கம் சரிந்தும் இருக்கும். துணி ஓரத்தில் மட்டுமே மரத்தைத் தொடும். தட்டையான சட்டமாக இருந்தால் நாளடைவில் மரத்தின் உள்விளிம்பு துணியில் பதிந்து, முன்பக்கம் ஒரு செவ்வகக் கோடாகத் தெரியும். 60 × 90 அளவில் நீண்ட பக்கங்கள் உள்வளையாமல் இருக்க நடுவே ஒரு குறுக்குச் சட்டமும் உண்டு. நான்கு மூலைகளிலும் ஆப்பு செருகும் காடி இருக்கிறது. 8 மர ஆப்புகளைத் தனிப் பையில் வைத்து அனுப்புகிறோம்.

பக்க விளிம்பு: மூன்றில் ஒன்று

38 மி.மீ கனமுள்ள பக்கங்களில் என்ன வர வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படமே சுற்றி மடிவது முதல் வகை. பார்க்க அழகு இதுதான், ஆனால் ஒவ்வொரு பக்கமும் 4.5 செ.மீ படம் முகப்பிலிருந்து போய்விடும். குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பவரின் தோளும் கையும் பக்கவாட்டில் மடிந்துவிடும். இயற்கைக் காட்சி, கடல், வானம், சுற்றிலும் வெற்றிடம் உள்ள தனியாள் படம் ஆகியவற்றுக்கு இதை எடுங்கள்.

இரண்டாவது, கண்ணாடி விளிம்பு. முகப்பில் படம் முழுதாக நிற்கும். ஓரத்துக் கடைசிப் பகுதி திருப்பிப் போட்டதுபோல் பக்கத்தில் வரும். ஆனால் ஓரத்தை ஒரு கையோ முகமோ தொட்டுக்கொண்டிருந்தால், பக்கவாட்டில் பார்க்கும்போது அது இரட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட படத்துக்கு மூன்றாவதான ஒற்றை நிற விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை, கறுப்பு, அல்லது படத்திலிருந்தே எடுத்த ஒரு நிறம்.

நீங்கள் அனுப்ப வேண்டிய படம்

பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். ஃபைலில் "72 DPI" என்றோ "300 DPI" என்றோ எழுதியிருப்பது பொருட்டல்ல. அந்த எண்ணை மாற்றினாலும் படத்தில் ஒரு பிக்சல்கூட அதிகரிக்காது.

| முகப்பு அளவு | படம் சுற்றி மடிந்தால், குறைந்தபட்சம் | நல்ல தரத்துக்கு |
|---|---|---|
| 30 × 45 செ.மீ | 1540 × 2130 | 2310 × 3190 |
| 40 × 60 செ.மீ | 1930 × 2720 | 2900 × 4080 |
| 60 × 90 செ.மீ | 2720 × 3900 | 4080 × 5850 |

குறைந்தபட்சம் என்பது அங்குலத்துக்கு 100 பிக்சல், நல்ல தரம் என்பது 150. இவ்வளவு பெரிய படத்தை இரண்டு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்போம், நெசவும் நுண்விவரத்தைச் சற்று மறைக்கும். எனவே ஆல்பம் பிரிண்டுக்குக் கேட்கும் 300 இங்கே தேவையில்லை. கண்ணாடி விளிம்பு அல்லது ஒற்றை நிற விளிம்பு என்றால் 60 × 90-க்கு 2370 × 3550 போதும்.

12 மெகாபிக்சல் ஃபோனில் எடுத்த முழுப் படம் 3024 × 4032. சுற்றி மடியும் 60 × 90-க்கு அங்குலத்துக்கு சுமார் 103 பிக்சல் கிடைக்கும், அதாவது மயிரிழையில் தேறும். அதையே பாதியாக வெட்டினாலோ, ஜூம் செய்து எடுத்திருந்தாலோ தேறாது. மேலும் ஃபோன் படம் 3:4, கேன்வாஸ் 2:3. படம் சுற்றி மடியாவிட்டாலும் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு முகப்புக்கே வராது. கிடைவாக்கில் எடுத்த குழுப் படத்தில் அது தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் போகும். பின்வரிசையில் நிற்பவரின் தலை சட்டகத்தின் மேல் ஓரத்தை ஒட்டியிருந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், கீழ்ப்பக்கம் மட்டும் வெட்டுகிறோம்.

அதிகம் கெடுவது இங்கேதான்: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீண்ட பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். சுற்றி மடியும் 60 × 90-ல் அது அங்குலத்துக்கு 41 பிக்சல்தான். கண்ணிமை முடிகள் தனித்தனியாக இல்லாமல் ஒரு கறுப்புப் பட்டையாகிவிடும், கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆண்ட்ராய்டு ஃபோனில் ஃபைல் பெயர் `IMG-20240114-WA0007.jpg` போல நடுவில் `WA` என்று இருந்தால் அது வாட்ஸ்அப் வழியே வந்த பிரதி. படம் எடுத்தவரிடம் மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். அதை எங்களுக்கு ஆர்டர் பக்கத்தில் பதிவேற்றலாம், மின்னஞ்சலில் இணைக்கலாம், வாட்ஸ்அப்பிலேயே அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட், சமூக வலைத்தளத்திலிருந்து இறக்கிய படம், சுவரில் தொங்கும் படத்தை ஃபோனில் எடுத்தது ஆகியவற்றை ஏற்பதில்லை.

JPEG (தரம் 90-க்கு மேல்) அல்லது 8 பிட் TIFF, நிற வெளி sRGB. HEIC-ம் வாங்கிக்கொள்வோம். CMYK-க்கு நீங்களே மாற்ற வேண்டாம், எங்கள் பிரிண்டருக்கு sRGB-யிலிருந்துதான் நிறம் சரியாக வரும். சிறிய படத்தைக் கணினியில் 6000 பிக்சலாகப் பெருக்கி அனுப்பினால் எண் பெருகுமே தவிர விவரம் பெருகாது. மூலத்தையே அனுப்புங்கள்.

ஃபோன் திரை தானே ஒளிர்வது, துணி அப்படியில்லை. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அப்போது முகம் இருண்டு தெரிந்தால் கேன்வாஸிலும் இருண்டுதான் வரும். கறுத்த தலைமுடியும் கறுத்த உடையும் இருட்டுப் பின்னணியில் ஒன்றாகக் கலந்துவிடும் படங்களில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பழைய 4 × 6 அங்குலப் பிரிண்ட் மட்டுமே இருக்கிறதா? ஸ்கேனரில் 600 DPI-யில் ஸ்கேன் செய்தால் 2400 × 3600 கிடைக்கும். எண்ணளவில் கண்ணாடி விளிம்புடன் 60 × 90-க்கு அது தேறும். ஆனாலும் பழைய பிரிண்டிலேயே விவரம் அவ்வளவு இருக்காது. எங்கள் பரிந்துரை 40 × 60. 1200-ல் ஸ்கேன் செய்தால் தாளின் சொரசொரப்பும் கீறலும்தான் பெரிதாகும்.

அச்சிடும் முன் வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும் போட்ட மாதிரிப் படத்தை அனுப்புவோம். நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே பிரிண்டருக்குப் போகும். பிக்சல் போதாதென்றால் அங்கேயே நிறுத்தி, சிறிய அளவைச் சொல்வோம்.

சுவரில் மாட்டுவது

பின்பக்கம் இரண்டு டி வடிவ வளையங்கள், இடமும் வலமும் ஒவ்வொன்று. நெட்டுவாக்குப் படத்தில் இரண்டுக்கும் நடுவே 57 செ.மீ. வளையத்தின் உள்மேல் விளிம்பு, சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து 13 செ.மீ கீழே இருக்கும். கயிறு தருவதில்லை. கயிற்றில் தொங்கும் படம் முன்பக்கம் சாயும், கதவு அறைந்து சாத்தும்போதெல்லாம் கோணும். கிடைவாக்குப் படத்துக்கு வளைய இடைவெளி வேறு. சுவரில் துளையிட வேண்டிய இடத்தைக் காட்டும் துளைத்தாள் பெட்டியில் வரும்; அது உங்கள் படத்துக்கே அச்சிட்டது, அதையே நம்புங்கள்.

பெட்டியில் 40 மி.மீ திருகு 2, 6 மி.மீ சுவர் பிளக் 2, ரப்பர் பொட்டு 4, துளைத்தாள் 1 இருக்கும். ட்ரில்லும் ரசமட்டமும் உங்களிடம் இருக்க வேண்டும்.

படத்தின் நடு, தரையிலிருந்து 148 செ.மீ உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கும் கண்ணுக்குச் சரி. நெட்டுவாக்கில் 60 × 90-க்கு அப்போது மேல் விளிம்பு 193 செ.மீ, திருகு 180 செ.மீ. சோபாவுக்கு மேலே என்றால் இந்தக் கணக்கை விட்டுவிட்டு, சோபா முதுகிலிருந்து 15 முதல் 20 செ.மீ இடைவெளி விடுங்கள். துளைத்தாளை ரசமட்டம் வைத்து நேராக ஒட்டி, 6 மி.மீ சுவர் பிட்டால் 40 மி.மீ ஆழம் துளையுங்கள். சுவர்ப் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மி.மீ வரை இருக்கும். பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லைப் பிடிக்க வேண்டும். பூச்சிலேயே நின்றால் சில வாரங்களில் பிளக்கோடு சேர்ந்து வெளியே வரும். துளைத் தூளை ஊதி எடுத்துவிட்டு பிளக்கைத் தட்டுங்கள். திருகு 6 மி.மீ வெளியே நிற்கட்டும், வளையம் அதில் உட்காரும்.

ஜிப்சம் பலகைச் சுவருக்கு இந்த பிளக் பிடிக்காது, உள்ளே விரியும் வகை தனியாக வாங்க வேண்டும். இருபக்க ஒட்டுப் பட்டையில் 2.2 கிலோவைத் தொங்கவிடாதீர்கள். பட்டை சுவரைப் பிடிக்கும், பெயிண்ட் சுவரைவிட்டு உரியும்.

ஓதம் ஏறும் சுவரில் மாட்ட வேண்டாம். மற்ற எந்தச் சுவரிலும் ரப்பர் பொட்டுகளை நான்கு மூலையிலும் ஒட்டுங்கள். பின்னால் காற்றோட்டம் இருந்தால் பூஞ்சை பிடிக்காது.

பராமரிப்பு

உலர்ந்த மென்துணியால் தூசி தட்டினால் போதும். கண்ணாடி துடைக்கும் திரவமும் ஈரத்துணியும் வேண்டாம், வார்னிஷ் வெளுக்கும். நேர் வெயில் படும் சுவரைத் தவிருங்கள்.

மழைக்காலத்தில் துணி சற்றுத் தளர்ந்து தொய்வது இயல்பு. காற்று உலர்ந்ததும் பெரும்பாலும் தானே இறுகும். இறுகாவிட்டால் படத்தைக் கழற்றி, துணியில் மரத்தூளோ கல்லோ உறுத்தாதபடி ஒரு போர்வைமேல் முகம் குப்புற வையுங்கள். ஒவ்வொரு மூலைக் காடியிலும் இரண்டு ஆப்புகளைச் செருகி, சிறிய சுத்தியலால் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். ஒரே மூலையில் அடித்துக்கொண்டே போனால் சட்டம் கோணி, அந்த மூலையிலிருந்து துணியில் சுருக்கம் கிளம்பும். விரலால் சுண்டினால் மத்தளம் போல மெல்லிய ஒலி வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தட்டினால் மூலை மூட்டு விரிந்துவிடும்.